அறையின் படத்தில் ஏசியின் டன் கணக்கு

ஒரு அறைக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்பதை அந்த அறைக்குள் வெப்பம் வரும் வேகம் தீர்மானிக்கிறது. கூரை, சுவர், கண்ணாடி, கதவிடுக்கு ஆகியவற்றின் வழியே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் உள்ளே நுழைகிறதோ, அதே அளவு வெப்பத்தை ஏசி வெளியே தள்ளினால்தான் அறையின் குளிர்ச்சி நிலைத்து நிற்கும். தரையின் பரப்பளவு இந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. ஆனால் கடைகளில் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி "ரூம் எத்தனை சதுர அடி?" என்பதுதான்.

இப்போது பலர் ஏசி வாங்கும் முன் அறையைப் படம் எடுத்து, அதன்மேல் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கோடு போட்டு எழுதி, வெயில் விழும் ஜன்னலையும் குறித்து, விற்பனையாளருக்கோ மெக்கானிக்குக்கோ செல்போனில் அனுப்புகிறார்கள். நேரில் வந்து பார்க்காமலே முடிவெடுக்க இது உதவுகிறது. சரியாகக் குறித்து, சரியாகப் படிக்கத் தெரிந்தால், அப்படி ஒரு படத்திலிருந்து நம்பத்தக்க டன் கணக்கு கிடைக்கும். சென்னையில் உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்காட்டாக வைத்து அந்த முறை இங்கே விளக்கப்படுகிறது.

ஒரு டன் என்பது எவ்வளவு

ஏசியில் சொல்லப்படும் டன் இயந்திரத்தின் எடை அல்ல. இயந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன் பனிக்கட்டியே குளிர்ச்சிக்கு ஆதாரமாக இருந்தது. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்துக்கு ஒரு டன் என்று பெயர். மணிக்கு 12,000 பிடியூ என்று சொல்வதும் இதையேதான். வாட் கணக்கில் அது 3,517 வாட்.

இந்த வாட் வெளியேற்றப்படும் வெப்பத்தின் அளவு. மின்மீட்டரில் ஓடும் வாட் வேறு. ஏசி வெப்பத்தை உருவாக்குவதில்லை, உள்ளிருப்பதை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. அதனால் வெளியேற்றும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு மின்சாரமோ அதற்கும் குறைவாகவோ அதற்குப் போதும். கீழே வரும் கணக்கு முழுவதும் வெப்ப வாட்டில் செய்யப்படுகிறது. கடைசியில் 3,517ஆல் வகுத்தால் டன் கிடைத்துவிடும்.

படம் எப்படி இருக்க வேண்டும்

அறையின் ஒரு மூலையில் நின்று எதிர் மூலையை நோக்கிப் படம் எடுப்பதே சரி. அப்போது இரண்டு சுவர்கள், தரை, கூரை நான்கும் ஒரே படத்தில் விழும். எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள இரண்டு சுவர்கள் அதில் வராது என்பதால், எதிர் மூலையிலிருந்து இன்னொரு படமும் தேவை. ஜன்னல் இருக்கும் சுவர் படத்திலேயே வராமல் போவதுதான் இந்த முறையில் அடிக்கடி நேரும் பிழை.

செல்போனை மார்பு உயரத்தில், மேலே கீழே சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சுவரின் செங்குத்துக் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சரிந்து, உயரத்தின் அளவு ஏமாற்றும். முழு அறையும் விழ வேண்டும் என்று அகலக் கோணக் கேமராவுக்கு மாற்றுவதும் நல்லதல்ல. அது ஓரங்களை இழுத்து, பத்தடி அறையைப் பதினைந்து அடி போலக் காட்டும்.

அளவுகளை டேப் வைத்து எடுத்து, படத்தில் அந்தந்த விளிம்பின் மேலேயே கோடு போட்டு எழுத வேண்டும். நீளமும் அகலமும் தரையும் சுவரும் சேரும் கோட்டில் வரட்டும். உயரம் அறையின் மூலைக் கோட்டில் வரட்டும். ஜன்னலின் அகலமும் உயரமும் ஜன்னலின் மேலேயே இருக்கட்டும். பூச்சுக்கு உட்புறம் எடுத்த அளவுகளே வேண்டும். வீட்டின் வரைபடத்தில் உள்ள அளவு சில நேரம் சுவரின் தடிமனையும் சேர்த்ததாக இருக்கும். அதை அப்படியே எழுதினால் அறை பெரிதாகிவிடும்.

குறித்த அளவு சரியா என்று படத்திலேயே பார்ப்பது

படத்தைப் பெறுபவரிடம் டேப் இல்லை. ஆனால் அளவு தெரிந்த பொருள்கள் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. முதலாவது தரையின் டைல்ஸ். வீடுகளில் பரவலாகப் பதிக்கப்படும் பெரிய டைல் 60 சென்டிமீட்டர் சதுரம், ஏறக்குறைய இரண்டடி. தூரத்தில் உள்ள டைல் படத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை மாறாது. சுவரோரமாக ஏழு முழு டைலும் ஒரு சின்னத் துண்டும் தெரிந்தால் நீளம் 14 அடி. அங்கே 18 என்று எழுதியிருந்தால் எழுதியவர் எங்கோ பிசகியிருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது கதவு. அறைக் கதவின் உயரம் பெரும்பாலும் ஏழடி. கதவு இருக்கும் அதே சுவரில், கதவை ஒட்டியே, தரையிலிருந்து கூரை வரை செல்போன் திரையில் அளந்து பார்க்கலாம். கதவு 4.2 சென்டிமீட்டரும் அதே இடத்தில் சுவர் 6 சென்டிமீட்டரும் இருந்தால், 6ஐ 4.2ஆல் வகுத்து ஏழால் பெருக்க வேண்டும். விடை 10 அடி. படம் சாய்வில்லாமல் எடுக்கப்பட்டிருந்தால் இந்த விகிதம் பிழைக்காது. வேறொரு சுவரின் உயரத்தையோ அறையின் மூலையையோ இந்தக் கதவோடு ஒப்பிடக் கூடாது. தூரம் மாறும்போது அளவும் மாறிவிடும். கதவுள்ள சுவரிலேயே ஜன்னலும் இருந்தால் அதன் உயரத்தையும் இவ்வாறே சரிபார்க்கலாம். ஆனால் அதுவும் கதவுக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

வெயில் ஜன்னல் என்பது எது

"வெயில் படும் ஜன்னல்" என்று மட்டும் எழுதினால் போதாது, அது எந்தத் திசை பார்த்தது என்பது வேண்டும். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னலும் மாலை வெயில் விழும் மேற்கு ஜன்னலும் வாங்கும் சூரிய ஒளி ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் கிழக்கு ஜன்னலில் வெயில் விழும்போது வெளிக்காற்று இன்னும் சூடேறியிருக்காது. மேற்கு ஜன்னலில் விழும்போது காற்று, சுவர், கூரை எல்லாமே கொதித்திருக்கும். எல்லாம் ஒன்றாக உச்சத்தை நெருங்கும் அந்த நேரத்துக்குத்தான் ஏசியின் அளவு தீர்மானிக்கப்படுகிறது.

தெற்கு ஜன்னலைப் பற்றிய பொது எண்ணம் சென்னைக்குப் பொருந்தாது. சென்னை வடக்கு அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிக்குச் சற்று வடக்கேயே நிற்கிறது. ஆகவே கத்திரி வெயில் காலத்தில் தெற்கு ஜன்னலுக்குள் நேர்வெயில் வருவதில்லை. அது வருவது டிசம்பர், ஜனவரியில். அப்போது ஏசியின் தேவையே குறைவு. மே மாதத்தில் தெற்கு, வடக்கு ஜன்னல்கள் இரண்டையும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றாகவே வைக்கலாம். கவனம் எல்லாம் மேற்கின் மேல் இருக்க வேண்டும்.

மேற்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருப்பதாகப் படத்தில் தெரிந்தால் வெயில் தடுக்கப்படும் என்று நினைக்கத் தோன்றும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு சூரியன் அடிவானத்திலிருந்து 60 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். அப்போது ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடின் நிழல் ஜன்னலில் இரண்டேமுக்கால் அடி இறங்கும், நாலடி ஜன்னலில் பெரும்பகுதி நிழலில் இருக்கும். நாலு மணிக்கு சூரியன் 33 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே சன்ஷேடின் நிழல் அப்போது ஓரடிதான். மீதி மூன்றடிக் கண்ணாடியிலும் வெயில் நேராக அடிக்கும். வெப்பம் மிகுந்த நேரத்தில் சன்ஷேடு கைவிட்டுவிடுகிறது என்பதால் மேற்கு ஜன்னலுக்கு அதைக் கழிவாகக் கொள்ள முடியாது. கண்ணாடிக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, பக்கத்துக் கட்டடமோ, அடர்ந்த மரமோ மறைத்தால் மட்டுமே கழிக்கலாம்.

திசையை அறிய செல்போனின் திசைகாட்டியை ஜன்னல் கம்பியருகே பிடித்தால் இரும்பு அதைத் தடுமாற வைக்கும். அறையின் நடுவில் நின்று பார்ப்பது நல்லது. அதைவிட நம்பகமானது, மாலை நாலு மணிக்கு எடுத்த படம். தரையிலோ கட்டிலிலோ வெயில் கட்டம் விழுந்திருந்தால் அந்த ஜன்னல் மேற்கு பார்த்தது. எடுத்த நேரம் படத்தின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும்.

படத்தில் விழாதவை

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் சில விஷயங்கள் படத்தில் வராது. அவற்றை ஓரத்தில் எழுதித்தான் அனுப்ப வேண்டும். கூரைக்கு மேலே இருப்பது மொட்டைமாடியா, இன்னொரு வீடா? ஒவ்வொரு சுவருக்கும் அந்தப் பக்கம் இருப்பது வெட்டவெளியா, வேறு அறையா? ஏசி ஓடப்போவது பகலிலா, இரவில் மட்டுமா? எத்தனை பேர் இருப்பார்கள்? இவற்றில் முதல் கேள்வியின் விடை மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது கீழேயுள்ள கணக்கில் தெரியும்.

ஒரு அறையின் கணக்கு

எடுத்துக்காட்டு அறை சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. படத்தில் நீளம் 14 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி என்று குறிக்கப்பட்டுள்ளது. நீளமான சுவர்களில் ஒன்று மேற்குப் பக்கம். அதில் 5 அடிக்கு 4 அடி ஜன்னல், துணித் திரை போட்டிருக்கிறது. வடக்குச் சுவரும் வெளிச்சுவர். அதில் 4 அடிக்கு 4 அடி ஜன்னல். கிழக்கிலும் தெற்கிலும் ஏசி இல்லாத வேறு அறைகள். மேலே தட்டோடு பதித்த மொட்டைமாடி. கீழே இன்னொரு வீடு. அறையில் இருப்பவர்கள் இருவர்.

வெளியே 37, 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்ற கோடை உச்ச நிலைக்கு, பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் வெளிச்சுவரும் சாதாரண ஒற்றைக் கண்ணாடியும் உள்ள வீட்டில், ஒவ்வொரு பரப்பும் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதற்குத் தோராயமான எண்கள் உண்டு. வெயிலில் காயும் காங்கிரீட் கூரை 6 வாட். மேற்குக் கண்ணாடி திரையில்லாமல் 50 வாட், உட்புறத் துணித் திரையோடு 35 வாட், வெளிப்புற மறைப்போடு 20 வாட். வடக்குக் கண்ணாடி 15 வாட். மேற்குச் சுவர் 3 வாட். வடக்குச் சுவர் 2 வாட். உட்சுவரும் தரையும் 1 வாட்.

துணித் திரை மேற்கு வெயிலை முழுக்கத் தடுப்பதில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த ஒளி திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதே மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால் சூடும் வெளியேயே நின்றுவிடும். 35க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அறையின் உயரம் இரண்டு இடங்களில் கணக்கில் வருகிறது. ஒன்று சுவரின் பரப்பு, மற்றொன்று அறையிலுள்ள காற்றின் கன அளவு. மூடிய அறையிலும் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே மணிக்கு ஏறக்குறைய ஒரு முறை காற்று மாறுகிறது. சென்னைக் காற்றை 1,000 கன அடி அளவுக்கு உள்ளே விட்டால் சுமார் 350 வாட் சுமை ஏறும். அதில் பாதிக்கு மேல் வெப்பத்தால் வருவதல்ல, காற்றிலுள்ள ஈரத்தால் வருவது. ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாய் வழியே சொட்ட விடுவதற்கு ஏசி செலவிடும் திறன் அது.

இனி ஒவ்வொன்றாக:

- கூரை: 14 × 11 = 154 சதுர அடி × 6 = 924 வாட்
- மேற்கு ஜன்னல்: 20 சதுர அடி × 35 = 700 வாட்
- வடக்கு ஜன்னல்: 16 சதுர அடி × 15 = 240 வாட்
- மேற்குச் சுவர், ஜன்னல் நீங்கலாக: 120 சதுர அடி × 3 = 360 வாட்
- வடக்குச் சுவர், ஜன்னல் நீங்கலாக: 94 சதுர அடி × 2 = 188 வாட்
- கிழக்கு, தெற்கு உட்சுவர்கள்: 250 சதுர அடி × 1 = 250 வாட்
- தரை: 154 சதுர அடி × 1 = 154 வாட்
- இருவரின் உடல் வெப்பமும் வியர்வையும்: 230 வாட்
- மின்விசிறி, விளக்கு, டிவி: 150 வாட்
- உள்ளே கசியும் காற்று: 1,540 கன அடிக்கு 539 வாட்

மொத்தம் 3,735 வாட். 3,517ஆல் வகுத்தால் 1.06 டன்.

இந்தக் கூட்டல் சற்றே அதிகமாகத்தான் இருக்கும். ஜன்னல் வழி வெப்பம் மாலை நாலு, ஐந்து மணிக்கு உச்சத்தில் இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் பட்ட வெயில் உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். எல்லா உச்சங்களும் ஒரே நிமிடத்தில் வருவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்து ஏசியைப் போடும்போது ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும் சுவர், கட்டில், மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இந்த மிகுதி பயன்படும்.

கணக்கிலிருந்து இயந்திரத்துக்கு

1.06 டன் என்று விடை வந்ததும் ஒரு டன் ஏசியே போதும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஏசியின் மேல் அச்சிட்ட திறன் ஆய்வகத்தில் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் அளந்தது. மே மாதப் பிற்பகலில் அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிய காற்று 40 டிகிரியைத் தாண்டும். மேற்குச் சுவரிலோ, காற்றோட்டமில்லாத பால்கனி மூலையிலோ மாட்டியிருந்தால் அதற்கும் மேலே போகும். உள்ளேயோ 25 டிகிரி வேண்டும். இந்த நிலையில் ஏசியின் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவதாகக் கொள்ளலாம். எனவே தேவையை 0.875ஆல் வகுக்க வேண்டும். 3,735 வாட் சுமைக்கு, லேபிளில் 4,270 வாட் திறன் காட்டும் ஏசி வேண்டும். அது 1.2 டன்.

கடையில் பரவலாகக் கிடைப்பவை ஒரு டன்னும் ஒன்றரை டன்னும். இந்த அறைக்கு ஒன்றரை டன்னே சரி. அதிலும் இன்வெர்ட்டர் ஏசி என்றால் இரவில் தேவை குறையும்போது கம்ப்ரசரின் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும். நட்சத்திரம் அச்சிட்ட எரிசக்தி லேபிளில் முழுத் திறன் வாட்டில் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்றரை டன் என்று விற்கப்படும் எல்லா ஏசியும் ஒரே திறன் கொண்டவை அல்ல. 5,000 வாட்டுக்குச் சில நூறு முன்னும் பின்னுமாக மாறுபடும். டன் என்ற சொல்லைவிட அந்த வாட் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

அதே அளவு, வேறு விடை

இதே அறை அதே கட்டடத்தில் ஒரு தளம் கீழே இருப்பதாகக் கொண்டால், படம் அச்சு மாறாமல் இதே படமாகத்தான் இருக்கும். நீளம், அகலம், உயரம், ஜன்னல் எதுவும் மாறவில்லை. ஆனால் கூரைக்கு மேலே வெயிலுக்குப் பதில் இன்னொரு வீடு இருப்பதால் 924 வாட் என்பது 154 வாட்டாகிவிடும். மொத்தம் 2,965 வாட். லேபிளில் தேவைப்படும் திறன் 3,390 வாட். அங்கே ஒரு டன் ஏசியே போதுமானது. 154 சதுர அடி என்ற ஒரே பரப்பளவு ஒரு தளத்தில் ஒன்றரை டன்னையும் அடுத்த தளத்தில் ஒரு டன்னையும் கேட்கிறது.

படத்தில் நேரக்கூடிய பிழைகளையும் இதே வழியில் எடைபோடலாம். நீளத்தை 14க்குப் பதில் 15 அடி என்று எழுதியிருந்தால் கூரை, தரை, இரண்டு சுவர்கள், காற்று எல்லாம் சேர்ந்து சுமார் 155 வாட் கூடும். மொத்தத்தில் அது நாலு சதவீதம். உயரத்தில் ஓரடி பிசகினாலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மேற்கு ஜன்னலை வடக்கு என்று தவறாகக் குறித்தால் அந்தக் கண்ணாடியில் மட்டும் 400 வாட் கணக்கிலிருந்து காணாமல் போகும். மொட்டைமாடி என்று எழுத மறந்தால் 770 வாட் போய்விடும். டேப்பில் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் பற்றிக் கவலைப்படுவதைவிட, திசையைக் காட்டும் அம்புக்குறியும் "மேலே மொட்டைமாடி" என்ற இரண்டு சொற்களும் படத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம்.

மேல்தள அறையிலும் ஒரு டன்னே போதும் என்று ஆக்குவதற்கு வழி உண்டு. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து அதைச் சுத்தமாக வைத்திருந்தால் கூரைச் சுமை ஏறக்குறைய 500 வாட்டுக்கு இறங்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டினால் 700 வாட் 400 ஆகும். இரண்டும் சேர்ந்தால் மொத்தச் சுமை 3,010 வாட். லேபிளில் 3,440 வாட் காட்டும் ஏசி தாங்கிக்கொள்ளும். சில வருடங்களில் பூச்சு அழுக்கேறிக் கறுத்தால் அதன் பலன் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரவில் மட்டும் ஏசி போடுபவர்களின் கணக்கு வேறு. பத்து மணிக்குக் கண்ணாடியில் வெயில் இல்லை. ஆனால் பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட்டும் மேற்குச் சுவரும் தங்கள் சூட்டை அப்போதுதான் உள்ளே விடுகின்றன. எடுத்துக்காட்டு அறையில் இரவுச் சுமை 2,800 வாட்டுக்கு அருகில் இருக்கும். ஒரு டன் ஏசி அதைத் தாங்கும். சூடேறிய அறையைக் குளிர்விக்க அது கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பகலிலும் அந்த அறையிலேயே இருப்பவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

வெளிநாட்டு அட்டவணைகள் ஏன் பொருந்துவதில்லை

இணையத்தில் கிடைக்கும் பல கணிப்புக் கருவிகள் அமெரிக்க அட்டவணையை அடிப்படையாகக் கொண்டவை. அங்கே ஜன்னல் ஏசிக்கு ஒரு சதுர அடிக்கு 20 பிடியூ என்பது பொது விதி. வெயில் அதிகம் என்றால் பத்து சதவீதம் கூட்டச் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டு அறைக்கு அதைப் போட்டால் 154 × 20 = 3,080 பிடியூ, வெயிலுக்குக் கூட்டியும் 3,400க்குள். அதாவது 0.3 டன்கூட இல்லை. குளிர்காலத்துக்காக வெப்பத்தடுப்புப் பொருள் வைத்துக் கட்டிய சுவரும் கூரையும் கொண்ட வீடுகளுக்கான எண் அது. வெறும் செங்கல்லும் காங்கிரீட்டும் நேர்வெயிலில் நிற்கும் வீட்டுக்கு அந்த எண்ணைப் போட்டால் விடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

தேர்வு தவறியிருந்தால் தெரியும் அடையாளங்கள்

ஏசி சிறிதாகிவிட்டால் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். 24இல் வைத்தாலும் அறை 27, 28க்குக் கீழே இறங்காது. அதே ஏசி நள்ளிரவுக்குப் பிறகு நன்றாகக் குளிரும். பகலில் திணறி இரவில் சரியாகிவிட்டால் அளவு போதவில்லை அல்லது மேற்கு வெயில் கணக்கில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். இரவிலும் குளிரவில்லை என்றால் காரணம் வேறு. வாயு குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். டன்னைக் குறை சொல்லும் முன் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஏசி பெரிதாகிவிட்டாலும் தொல்லைதான். வேகம் மாறாத சாதாரண கம்ப்ரசர் என்றால் சில நிமிடங்களிலேயே அறையைக் குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தைப் பிரிக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருந்தும் உடம்பில் பிசுபிசுப்பு போகாது, தலையணை உறை ஈரம் கோத்தது போல இருக்கும். வெளியே விட்டிருக்கும் குழாயில் தண்ணீர் சொட்டுவது கடற்கரை ஊரின் கோடைக்கு மிகவும் குறைவாகத் தெரியும். கம்ப்ரசர் அடிக்கடி நின்று கிளம்புவதால் மின்சாரமும் வீணாகும். இன்வெர்ட்டர் ஏசியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் ஒரு டன் போதும் அறைக்கு இரண்டு டன் மாட்டினால், அதன் மிகக் குறைந்த வேகமே அறைக்கு அதிகமாகிவிடும் நேரங்கள் வரும்.

படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாத இடங்கள்

மேலே சொன்ன எண்கள் எல்லா அறைக்கும் பொருந்தாது. சமையலறையோடு திறந்திருக்கும் ஹால், மாடிப்படி வழியாக மேல்தளத்தோடு காற்று கலக்கும் கூடம், ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த அறை, பத்துப் பேருக்கு மேல் உட்காரும் கடை அல்லது அலுவலகம் ஆகியவற்றில் வெப்பம் வரும் வழிகளே வேறு. அங்கே நேரில் வந்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். நான்கு சுவர், ஒரு கதவு, ஒன்றிரண்டு ஜன்னல் கொண்ட சாதாரண வீட்டு அறைக்கு, அளவுகளும் திசையும் மேல்தள விவரமும் குறித்த இரண்டு படங்கள் இருந்தால், ஒரு டன்னா ஒன்றரை டன்னா என்ற கேள்விக்கு இந்தக் கூட்டல் தெளிவான விடை தரும். விடை இரண்டுக்கும் நடுவில் நின்றால், பெரிய ஏசியை வாங்குவதற்கு முன் மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவதற்கும் மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதற்கும் ஆகும் செலவைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.